படுகு பேச்சுக்குத் தமிழ் சப்டைட்டில்: நீண்ட வரியை எங்கே உடைப்பது?

நந்தினி_கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டி என்று நாங்கள் சொல்கிற எங்கள் ஊரிலும் பக்கத்து ஹட்டிகளிலும் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஒரு படமாகத் தொகுத்து வருகிறோம். பேச்சு முழுக்கப் படுகு மொழி. தமிழ் சப்டைட்டிலோடு சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்துத் திரையிடப் போகிறோம். படுகு தெரியாதவர்களும் நிறைய வருவார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி எஸ்டேட்டில் வேலை செய்கிற குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. அவர்களுக்குப் பாட்டி சொல்வது போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பாடு.

மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. வரிகளைப் பிரிப்பதில்தான் நிற்கிறோம். கீழே இருப்பது ஒரு மாதிரி. மென்பொருள் தானாக இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது இது:

```
212
00:12:41,000 --> 00:12:45,200
பனி விழுந்தால் கொழுந்து கருகிப் போகும் என்று தெரிந்தும் அந்த
வருஷம் நாங்கள் யாரும் தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை
```

மூன்று தொல்லை. முதல் வரி திரை அகலத்தைத் தாண்டுவதால் பிளேயர் அதை மறுபடி மடித்து மூன்று வரியாக்கிவிடுகிறது. நொடிக்கு 28 எழுத்து என்று மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது. "அந்த" மேல் வரியிலும் "வருஷம்" கீழ் வரியிலும் நிற்பது படிக்கவே உறுத்துகிறது. எதை முதலில் சரிசெய்வது?

தேவாலா பாபு

வணக்கம் சகோதரி. இது எனக்கும் வந்திருக்கு. சப்டைட்டில் பேச்சுக்கு முன்னாடி ஓடுறதும் பின்னாடி ஓடுறதும் பிரேம் ரேட் பிரச்சினைதான். வீடியோ 25 பிரேம், சப்டைட்டில் 23.976க்குப் போட்டது என்றால், ஒரு மணி நேரப் படத்தில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் விலகிடும். சப்டைட்டில் மென்பொருளில் பிரேம் ரேட்டை மாற்றுகிற வசதி இருக்கு. அதைப் போட்டுப் பாருங்க, சரியாகிடும்.

நந்தினி_கோத்தகிரி

நன்றி அண்ணா. ஆனால் நேரம் விலகவில்லை. பாட்டி வாய் திறக்கிற இடத்தில்தான் எழுத்தும் வருகிறது. வரி நீளமாக இருக்கிறது, படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது, அதுதான் சிக்கல்.

எடிட்டர் செல்வம் (ஊட்டி)

சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க. நான் கல்யாண வீடியோவும் விளம்பரமும் எடிட் பண்றவன், இதை நல்லாவே பார்த்திருக்கேன். அந்த மென்பொருள் தமிழ் எழுத்தை எண்ணத் தெரியாமல் எண்ணுது. கொம்பு, புள்ளி, கால் எல்லாத்தையும் தனித்தனி எழுத்தாக எண்ணிடும். "தமிழ்" என்பதில் நமக்கு 3 எழுத்து, அதுக்கு 5.

உங்க வாக்கியத்தைக் கையால் எண்ணினேன். எழுத்து 58, நடுவில் இடைவெளி 14, மொத்தம் 72. பேச்சு 4.2 நொடி. வகுத்தால் நொடிக்கு 17. பெரிய நிறுவனங்கள் பலவும் வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு 17 எழுத்து என்பதைத்தான் அளவா வச்சிருக்காங்க. உங்க மேல் வரி இடைவெளியோடு 36, கீழ் வரி 35. ரெண்டும் 42க்குக் கீழே, வேகமும் 17தான். எல்லாம் சரியாத்தான் இருக்கு. எழுத்தளவை மட்டும் கொஞ்சம் குறைச்சிடுங்க, மூணாவது வரி வராது.

குன்னூர் ரயிலடி

செல்வம் எண்ணியது சரி, முடிவுதான் சரியில்லை. நான் சப்டைட்டில் நிறுவனத்தில் தமிழ் வரிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன், ஊர் குன்னூர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. யூனிகோடில் "கொ" என்பது க ஒன்று, அதன் உயிர்க்குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. சில பழைய கோப்புகளில் கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் இருக்கும். நந்தினியின் வாக்கியத்தில் இடைவெளி சேர்த்து 72 எழுத்து இருக்கிறது, குறியீடாக எண்ணினால் 118. 118ஐ 4.2 நொடியால் வகுத்தால் 28. அந்தச் சிவப்பு 28 இங்கிருந்துதான் வருகிறது. எல்லா மென்பொருளும் இப்படி எண்ணுவதில்லை. உங்களுடையது எப்படி என்று பார்க்க எளிய வழி உண்டு: சரியாக ஒரு நொடி நீளத்துக்கு ஒரு சப்டைட்டில் போட்டு "தமிழ்" என்று மட்டும் தட்டுங்கள். வேகம் 3 என்று காட்டினால் எழுத்தை எண்ணுகிறது, 5 என்று காட்டினால் குறியீட்டை எண்ணுகிறது. பைத்தானும் அதன் regex தொகுப்பும் வைத்திருப்பவர்கள் கோப்பு முழுவதையும் இப்படி எண்ணலாம்:

```python
import regex
def ezhuthu(s):
    return len(regex.findall(r"\X", s))

print(len("தமிழ்"), ezhuthu("தமிழ்"))   # 5 3
```

"க்ஷ" போன்றவற்றை இது இரண்டாக எண்ணும். அவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை.

இனி முக்கியமானது. நொடிக்கு 17 என்பது ரோமன் எழுத்துக்குப் பிறந்த அளவு. நம் எழுத்தில் பெரும்பாலும் மெய்யும் உயிரும் சேர்ந்தே இருக்கின்றன. கோத்தகிரி என்று எழுத நமக்கு 5 எழுத்து போதும், ஆங்கிலத்தில் 8 வேண்டும். ஆகவே நொடிக்கு 17 தமிழ் எழுத்து என்பது அவர்கள் சொல்கிற வேகம் அல்ல, அதைவிட மிகவும் கூடுதல். வேறு விதமாகவும் பாருங்கள். இந்த வாக்கியத்தில் 15 சொல். 4.2 நொடியில் 15 சொல் என்றால் நிமிஷத்துக்கு 214 சொல். ஆங்கிலத்துக்கே பிபிசி வைத்திருக்கிற அளவு நிமிஷத்துக்கு 160 முதல் 180 சொல்தான். தமிழ்ச் சொல் அதைவிட நீளம், வேற்றுமை உருபும் காலமும் இடமும் எல்லாம் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும். எனவே குறியீட்டுக் கணக்கு காட்டுகிற சிவப்பைப் புறக்கணித்தாலும், எழுத்துக் கணக்கு காட்டுகிற பச்சையை நம்ப முடியாது. இந்த வரி உண்மையிலேயே வேகம்தான்.

நான் என் வேலையில் வைத்திருக்கிற அளவைச் சொல்கிறேன், இது யாரும் அச்சடித்த விதி அல்ல. கூடத்தில் பல வயதினர் சேர்ந்து பார்ப்பதற்கு, இடைவெளியும் சேர்த்து நொடிக்கு 11, 12 எழுத்து. கைபேசியில் தனியாகப் பார்க்கிற இளவட்டத்துக்கு 14, 15 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கண் எழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும், முகத்துக்குப் போகாது. இந்தப் படத்தில் பாட்டியின் முகம்தானே படம்.

நந்தினி, ஒரு விஷயம் சொல்லுங்கள். 45,200க்குப் பிறகு அடுத்த பேச்சு எப்போது தொடங்குகிறது? வாக்கியத்தின் நடுவில் பாட்டி எங்காவது மூச்சு வாங்குகிறாரா?

நந்தினி_கோத்தகிரி

அடுத்த வாக்கியம் 00:12:46,700இல் தொடங்குகிறது. இடையில் ஒன்றரை நொடி பாட்டி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். "தெரிந்தும்" என்பதற்கான படுகுச் சொல்லுக்குப் பின் லேசாக நிறுத்துகிறார், அது ஏறக்குறைய 43,400இல் வருகிறது.

குன்னூர் ரயிலடி

பாதி வேலை முடிந்தது. படுகும் தமிழும் ஒரே திராவிடக் குடும்பம், வினை கடைசியில்தான் வரும். பாட்டி எந்த வரிசையில் சொல்கிறாரோ அதே வரிசையில் தமிழிலும் சொல்லிவிட முடிகிறது. ஆங்கில சப்டைட்டிலாக இருந்தால் "இறங்கவில்லை" வாக்கியத்தின் முன்பாதிக்கு ஏறிவிடலாம், நடுவில் வெட்டுவது கடினமாகும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் இதை ஒரே சப்டைட்டிலுக்குள் இரண்டு வரியாக அடைக்க வேண்டாம், மூச்சு வாங்குகிற இடத்தில் இரண்டு சப்டைட்டிலாக வெட்டுங்கள். இரண்டாவதைப் பேச்சு முடிந்த பிறகும் அந்த மௌனத்துக்குள் நீட்டுங்கள்.

```
212
00:12:41,000 --> 00:12:43,400
பனி விழுந்தால் கொழுந்து கருகும் என்று தெரிந்தும்

213
00:12:43,480 --> 00:12:46,600
அந்த வருஷம் நாங்கள் யாரும்
தோட்டத்தை விட்டு இறங்கவில்லை
```

முதலாவது 28 எழுத்து, 2.4 நொடி, வேகம் 11.7. இரண்டாவது 35 எழுத்து, 3.12 நொடி, வேகம் 11.2. இரண்டுக்கும் நடுவில் 80 மில்லிநொடி விட்டிருக்கிறேன், 25 பிரேம் வீடியோவில் அது இரண்டு பிரேம். அந்தச் சின்ன இருட்டு இல்லாவிட்டால் எழுத்து மாறியது கண்ணுக்குத் தெரியாது, பழைய வரியையே திரும்பப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சொல்லில் தொட்டது இரண்டே இடம். "கருகிப் போகும்" என்பது "கருகும்" ஆயிற்று. "கீழே" போயிற்று, இறங்குவது கீழேதான் என்பதால். மலையில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எடிட்டர் செல்வம் (ஊட்டி)

வேகக் கணக்கு புரிஞ்சது. அப்போ அகலம்? 42 எழுத்து என்பதும் அவங்க கணக்கு என்றால் நமக்கு எத்தனை?

குன்னூர் ரயிலடி

அகலத்துக்கு எழுத்து எண்ணிக்கையே பயன்படாது. "பரபரப்பு" 6 எழுத்து, "மண்ணெண்ணெய்" 6 எழுத்து. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், இரண்டாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். ண, ஞ, ணை, கொம்பும் காலும் சேர்ந்தவை எல்லாம் அகலம். ர, ப, ட எல்லாம் ஒடுக்கம். வரிக்கு இத்தனை எழுத்து என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் ஒரு வரி திரையில் பாதியில் நிற்கும், இன்னொன்று வெளியே போகும்.

பிக்சலில் அளப்பதுதான் வழி. 1920 அகலத் திரையில் இரு பக்கமும் பத்துப் பத்து விழுக்காடு விட்டால் 1536 பிக்சல் கிடைக்கும். திரையில் எந்த எழுத்துரு, எந்த அளவோ அதையே கொடுத்து அளக்க வேண்டும்:

```python
from PIL import ImageFont
f = ImageFont.truetype("NotoSansTamil-Regular.ttf", 60,
        layout_engine=ImageFont.Layout.RAQM)
print(f.getlength("பரபரப்பு"), f.getlength("மண்ணெண்ணெய்"))
```

RAQM நூலகம் கணினியில் இருப்பது அவசியம். அது இல்லாவிட்டால் "கு", "ழு" போன்றவை ஒட்டாமல் தனித்தனியாக அளக்கப்படும், கணக்கு கூடிவிடும்.

கண்ணாலேயே சோதிக்க விரும்பினால், தானாக மடிப்பதை நிறுத்திவிட்டுப் படத்தோடு எழுத்தை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். நீளமான வரி இரு பக்கமும் வெட்டுப்பட்டு நிற்கும், ஒளிந்துகொள்ள முடியாது:

```
ffmpeg -i padam.mp4 -vf "subtitles=padam.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=18,WrapStyle=2'" -c:a copy sodhanai.mp4
```

இங்கே 18 என்பது பிக்சல் அல்ல. எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பை எடுத்ததும் ffmpeg 288 உயரமுள்ள ஒரு கற்பனைத் திரைக்குத்தான் கணக்குப் போடும், பிறகு வீடியோ அளவுக்குப் பெருக்கிக்கொள்ளும். அதனால் மேலே நான் போட்ட 60ஐயும் இந்த 18ஐயும் நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

செல்வம், எழுத்தளவைக் குறைத்துவிட்டால் மூன்றாவது வரி வராது என்றீர்கள். வராதுதான். ஆனால் கூடத்தில் கடைசி வரிசையில் உட்காருகிற பெரியவர் எதைப் படிப்பார்? அகலத்துக்குப் பொருந்த எழுத்தைச் சிறிதாக்குவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

பூம்பாறை

நான் பழனி மலைப் பக்கம். பூம்பாறையிலிருந்து பூண்டு விவசாயம் பற்றிச் சின்ன வீடியோ போடுறேன். எல்லாம் நின்ற வாக்கு வீடியோ, அகலம் 1080 மட்டும். கீழே ஓரத்தில் லைக் பட்டன் எல்லாம் இடம் பிடிச்சுக்கும். ஒரு வரிக்கு 14, 15 எழுத்துக்கு மேல் நிக்க மாட்டேங்குது. "வந்துகொண்டிருக்கிறார்களாம்" என்று ஒரு சொல் வந்தால் போச்சு, அதுவே ஒரு வரி. அதுக்கு முன்னாடி இருக்கிற சொல் தனியா மேலே தொங்குது. எனக்கும் இதே கணக்குதானா?

குன்னூர் ரயிலடி

உங்களுக்கு அகலம்தான் முதல் எதிரி. நந்தினிக்கு வேகம். அங்கே ஒரு சப்டைட்டிலுக்கு ஒரு சொற்றொடர் என்று வைத்து அடிக்கடி மாற்றுங்கள், இரண்டு வரி நிரப்ப முயலாதீர்கள். ஆனால் எதையும் ஒரு நொடிக்குக் குறைவாக நிறுத்தாதீர்கள், பளிச்சென்று மின்னி மறைந்துவிடும். அந்த நீளச் சொல்லை "வந்து கொண்டிருக்கிறார்களாம்" என்று பிரித்து எழுதினால் மடிக்க ஓர் இடம் கிடைக்கும். இல்லையென்றால் "வருகிறார்களாம்" போதுமா என்று பாருங்கள், பல இடத்தில் போதும்.

அருவங்காடு தமிழாசிரியர்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பேரன் காட்டி இந்த இழையைப் படித்தேன், நல்ல உரையாடல். ஒன்றில் மாறுபடுகிறேன். "கொண்டிரு" என்பது துணைவினை. துணைவினையை முதல்வினையோடு சேர்த்து எழுதுவதே முறை. அகலம் போதவில்லை என்பதற்காக எழுத்துமுறையை மாற்றினால், பிள்ளைகள் திரையில் பார்ப்பதையே சரியென்று கொள்வார்கள்.

இன்னொன்று, மேலே உள்ள மாதிரியில் "விட்டுக் கீழே" என்பதை "விட்டு இறங்கவில்லை" என்று மாற்றியிருக்கிறீர்கள். உயிரெழுத்து வருவதால் அங்கே ஒற்று வேண்டாம், சரி. ஆனால் வரி உடைகிற இடத்தில் வல்லினம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? "அவனைப்" என்று ஒரு வரி முடிந்து "பார்த்தேன்" என்று அடுத்த வரி தொடங்கலாமா?

குன்னூர் ரயிலடி

ஐயா, வணக்கம். அந்த இடத்தில் உடைக்கவே மாட்டேன். ஒற்று மிகுகிறது என்றாலே இரண்டு சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: வரிக்கடைசியில் ப், க், ச், த் நிற்கிறதா, வெட்டை ஒரு சொல் முன்னே நகர்த்து. இலக்கணம் படிக்காதவரும் கண்ணால் பிடித்துவிடலாம். செயப்படுபொருளும் வினையும், எண்ணும் பெயரும், பெயரெச்சமும் அதன் பெயரும், "அந்த", "இந்த"வும் அடுத்த சொல்லும் பிரியக் கூடாது. "என்று" முன்னால் உள்ள பேச்சோடு நிற்க வேண்டும். நிகழ்ந்தபின், தெரிந்தும், வந்தால், போனதால் மாதிரி எச்சங்களுக்குப் பின்னால்தான் நல்ல வெட்டு. நந்தினியின் வாக்கியத்தில் மென்பொருள் 36க்கு 35 என்று கச்சிதமாகப் பாதியில் வெட்டியது, "அந்த" அந்தரத்தில் நின்றது. ஒரே சொல் முன்னால் வெட்டியிருந்தால் உறுத்தியிருக்காது.

அருவங்காடு தமிழாசிரியர்

நல்ல குறிப்புதான், ஆனால் முழுதும் பொருந்தாது. "தோட்டத்தை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தேன்." இங்கே "விற்று" வினையெச்சம். உங்கள் கணக்கில் அதற்குப் பின் வெட்டலாம். ஆனால் "விற்றுப்" என்று ஒற்றும் மிகுகிறது, அதே கணக்கில் வெட்டக் கூடாது. எதைக் கேட்பது?

குன்னூர் ரயிலடி

நியாயமான கேள்வி ஐயா. அந்த வாக்கியத்தில் வெட்டு "விற்று"வுக்குப் பின்தான். வேறு எங்கே வெட்டினாலும் கெட்டுவிடும். அப்போது நான் ஒற்றை எடுத்துவிட்டு எழுதுவேன்:

```
தோட்டத்தை விற்று
பிள்ளையைப் படிக்க வைத்தேன்
```

வரி உடைவதே ஒரு நிறுத்தம். காற்புள்ளி போட்டால் ஒற்று போடுவதில்லையே, அது போல. இரண்டு சப்டைட்டிலாகப் பிரியும்போது இது இன்னும் தேவை. "விற்றுப்" என்று முடிந்து எழுத்து மறைந்தால், ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

அருவங்காடு தமிழாசிரியர்

இரண்டு சப்டைட்டிலாகப் பிரிந்தால் ஒப்புக்கொள்கிறேன், நடுவில் இடைவெளி விழுகிறது. ஒரே சப்டைட்டிலின் இரண்டு வரிக்குள் ஒற்றை எடுப்பதை ஏற்க முடியவில்லை. அச்சுப் புத்தகத்தில் வரி மடங்குகிற இடமெல்லாம் ஒற்றை எடுக்கிறோமா? இல்லையே.

எடிட்டர் செல்வம் (ஊட்டி)

ஐயா, புத்தகத்தில் வரி எங்க மடங்கும் என்று எழுதுறவருக்குத் தெரியாது. இங்க நாமே வெட்டுறோம். ரெண்டும் ஒண்ணில்லை என்றுதான் எனக்குத் தோணுது. ஆனா ஒரே படத்துக்குள்ள ஒரு இடத்தில் ஒற்று, ஒரு இடத்தில் இல்லை என்று இருந்தால் அது இன்னும் மோசம்.

நந்தினி_கோத்தகிரி

ஒற்று பற்றி நாங்கள் குழுவில் பேசி ஒரு வழக்கை எழுதி வைத்துக்கொள்கிறோம், படம் முழுக்க அதுவே இருக்கும்.

ரயிலடி அண்ணா சொன்னபடி அளந்து பார்த்தேன். 60 அளவில் பழைய மேல் வரி 1536ஐத் தாண்டுகிறது, புதிய மூன்று வரிகளும் உள்ளே நிற்கின்றன. மென்பொருளில் "தமிழ்" சோதனைக்கு 5 என்றுதான் காட்டியது. அதனால் கோப்பு முழுவதையும் பைத்தானில் எண்ணிப் பட்டியல் எடுத்தேன். 12க்கு மேல் போன வரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் மௌனம் இருக்கிறது, நீட்டினாலே சரியாகிவிடும். இரண்டு பேர் அடுத்தடுத்துப் பேசுகிற இடங்களில்தான் நீட்ட இடமில்லை.

இன்னொரு கேள்வி. 213இல் நாங்கள் "நாங்கள் யாரும்" என்று இரண்டையும் வைத்தோம். இதே பாட்டி வேறோர் இடத்தில் இன்னும் வேகமாகச் சொல்கிறார், அங்கே இரண்டில் ஒன்றை விட்டால்தான் 12க்குள் வரும். என் தோழி "நாங்கள்" போகட்டும், பேசுவது பாட்டிதான் என்று முகத்திலேயே தெரிகிறது என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை.

குன்னூர் ரயிலடி

பொதுவாக முகத்தில் தெரிவதை எழுத்திலிருந்து விடலாம், உங்கள் தோழி சொல்வது அந்த வகையில் சரி. ஆனால் "யாரும் இறங்கவில்லை" என்று மட்டும் இருந்தால், ஊரில் யாருமே இறங்கவில்லை என்றும் படிக்கலாம். பாட்டி சொல்வது தன் வீட்டாரையா, ஹட்டி முழுவதையுமா? அது தெரிந்தவர் நீங்கள்தான்.

நந்தினி_கோத்தகிரி

ஹட்டி முழுவதையும்தான் சொல்கிறார். ஆனால் தன்னையும் சேர்த்துச் சொல்கிறார், அதில்தான் அவருக்குப் பெருமை.

பூம்பாறை

அப்போ "நாங்கள்" இருக்கட்டும், வேற எதையாவது எடுங்க. "அந்த வருஷம்" முந்தின வரியிலேயே வந்திருந்தால் மறுபடி எதுக்கு?

நந்தினி_கோத்தகிரி

அந்த இடத்தில் முந்தின வரியிலேயே வருஷம் வந்துவிடுகிறது. அது எனக்குத் தோன்றவில்லை, நன்றி. அதையே எடுத்துப் பார்க்கிறேன்.

தேவாலா பாபு

இப்பத்தான் விஷயம் புரியுது. ஒரு சந்தேகம். இதையெல்லாம் செஞ்ச பிறகு பென் டிரைவில் போட்டு டிவியில் பார்த்தால் பிளேயர் மறுபடி அதன் இஷ்டத்துக்கு மடிச்சிடாதா? எங்க வீட்டு டிவியில் தமிழ் எழுத்துக் கொம்பு எல்லாம் இடம் மாறி வருது.

குன்னூர் ரயிலடி

மடிக்கும். தனிக் கோப்பாகக் கொடுத்தால் எழுத்துருவும் அளவும் அந்த டிவி கையில்தான், நாம் அளந்த பிக்சல் அங்கே செல்லாது. சில டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கவே தெரியாது, நீங்கள் பார்ப்பது அதுதான். கூடத்தில் காட்டுவதற்கு எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற தனிக் கோப்பில் வரிகளை இன்னும் ஒடுக்கமாக வையுங்கள், எந்தப் பிளேயரிலும் தப்பிக்கும்.

பதிப்பதற்கு முன் நந்தினி இரண்டு விஷயம் பாருங்கள். கூடத்தில் முன்வரிசைத் தலைகள் திரையின் அடிப்பகுதியை மறைக்கும், எழுத்தை வழக்கத்தைவிட மேலே ஏற்றுங்கள். மேலே உள்ள கட்டளையில் force_style உள்ளே MarginV என்று சேர்த்தால் ஏறும். அடுத்து, படத்தை இதுவரை பார்க்காத, படுகு தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். முடிந்ததும் பாட்டி என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். பாட்டி கையில் என்ன வைத்திருந்தார் என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் எழுத்து இன்னும் வேகம்.

எடிட்டர் செல்வம் (ஊட்டி)

பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருவாங்க என்று சொல்லியிருக்காங்களே, அவங்களுக்கு 11, 12 போதுமா? என் பையன் ஆறாவது படிக்கிறான், தமிழ் வாசிக்கிறதில் கொஞ்சம் மெதுவு. 9, 10க்குக் கொண்டு வரணும் என்று தோணுது.

குன்னூர் ரயிலடி

பிள்ளைகளுக்கு 9 நல்லதுதான். ஆனால் அவ்வளவு குறைத்தால் பாட்டி சொல்வதில் நிறைய விட வேண்டி வரும், பெரியவர்களுக்கு அது நட்டம். மௌனம் இருக்கிற இடத்தில் 9 வரை இறக்குங்கள். இல்லாத இடத்தில் 12இல் நிறுத்துங்கள்.

அருவங்காடு தமிழாசிரியர்

அம்மா நந்தினி, திரையிடுகிற நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். துணைவினை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒட்டுமொத்தக் கோப்பையும் எனக்கு அனுப்பினால், எங்கெல்லாம் சேர்த்து எழுதினாலும் 1536க்குள் நிற்கிறது என்று பேரனை வைத்து அளந்து குறித்துத் தருகிறேன். நிற்காத இடங்களை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நந்தினி_கோத்தகிரி

அனுப்புகிறேன் ஐயா. வீடியோ இல்லாமல் எஸ்ஆர்டி மட்டும் இன்று மாலைக்குள் வந்துவிடும்.